பிள்ளைக்குச் செட்டில்மென்ட் எழுதும் முன்பும், எழுதிய பின் கைவிடப்பட்டால் திரும்பப் பெறவும்: மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

என் தாய்மாமா மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் தாம் கட்டிய வீட்டை 2018-இல் தம் ஒரே மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 69. நான்கு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டின் முன்கட்டு வாடகைக்கு விடப்பட்டிருந்தது. மாமாவும் அத்தையும் பின்னால் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தகரக் கூரையின் கீழ் படுத்திருந்தார்கள். அத்தையின் இடுப்பெலும்பு முறிந்தபோது அரசு இராசாசி மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்துக் கொண்டு போனது பக்கத்து வீட்டுக்காரர். திருப்பூரில் இருந்த மகன் வரவில்லை, பணமும் அனுப்பவில்லை. வீட்டைத் திரும்பப் பெற எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் பாதிக்கு மேல் எங்கள் தவறுகளால் வீணான காலம். அந்தத் தவறுகளை மற்றவர்கள் செய்யாமலிருக்கவே இதை எழுதுகிறேன். முதல் நான்கு படிகள் இனிமேல் எழுதப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் ஐந்தாம் படியிலிருந்து படிக்கலாம்.

1. முதலில், செட்டில்மென்ட் வேண்டுமா, உயில் போதுமா என்று முடிவு செய்யுங்கள்

செட்டில்மென்ட் பதிவான நாளிலேயே சொத்து பிள்ளைக்குப் போய்விடும். உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் அது செயல்படும்; அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உயிலைப் பதிவு செய்வதும் கட்டாயமில்லை; பதிவு செய்தால் பின்னாளில் சண்டை குறையும், அவ்வளவுதான். மகன் அந்தச் சொத்தை வைத்து இப்போதே வங்கிக் கடன் வாங்க வேண்டும், அல்லது அந்த மனையில் தன் பணத்தைப் போட்டு மாடி கட்ட வேண்டும் என்பது போன்ற உண்மையான தேவை இருந்தால் மட்டுமே செட்டில்மென்ட்டைப் பற்றி யோசியுங்கள். "பின்னால் அக்கா தம்பிக்குள் தகராறு வரக்கூடாது" என்பதற்காக மட்டும் எழுதுவதாயிருந்தால் பதிவு செய்யப்பட்ட உயிலே போதும் என்பது என் கருத்து. மாமா எழுதியது இந்த இரண்டாவது காரணத்துக்காகத்தான். அவருக்கு மகன் ஒருவன் மட்டுமே என்பதை நினைத்தால், யாரோடு தகராறு வரும் என்று எண்ணினார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

2. பத்திரத்தின் வாசகத்தை நீங்களே பார்த்து எழுதுங்கள்

முழு விஷயமும் இந்தப் படியில்தான் நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவு சொல்வது இது: அறுபது வயது நிறைந்த ஒருவர், தமக்கு அடிப்படை வசதிகளையும் அடிப்படை உடல் தேவைகளையும் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தைத் தானமாகவோ வேறு வகையிலோ மாற்றிக் கொடுத்து, பெற்றுக் கொண்டவர் அதைச் செய்ய மறுத்தாலோ தவறினாலோ, அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும், கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். பெற்றுக் கொண்டவர் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேரன், மருமகள், அண்ணன் மகன் என யாராக இருந்தாலும் பிரிவு பொருந்தும்.

இதில் "நிபந்தனையின் பேரில்" என்ற சொற்கள்தான் உயிர்நாடி. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அத்தகைய நிபந்தனை இருந்தது என்று சொல்லப்படவும் நிறுவப்படவும் வேண்டும் என்றது. 2025 ஜனவரி 2 அன்று அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, தானப் பத்திரத்தோடு மகன் தனியே எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழித் தாளையும் கணக்கில் எடுத்து, தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினம் மாவட்டத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பின் காரணமாக எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்றது. கடைசித் தீர்ப்பைக் கேள்விப்பட்டு, "இனி நிபந்தனை எழுத வேண்டியதில்லை" என்று பத்திர எழுத்தர் சிலர் சொல்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பத்திரத்தில் ஒரு பத்தி எழுதச் செலவு ஏதுமில்லை; எழுதாமல் விட்டு நீதிமன்றத்தில் பொருள் விளக்கம் கேட்டு நிற்க ஆண்டுகள் ஆகும்.

எழுத்தர் மேசையில் இருக்கும் அச்சு வாசகத்தில் வழக்கமாக மூன்று வரிகள் இருக்கும். "அன்பினாலும் பாசத்தினாலும்" எழுதிக் கொடுப்பதாக ஒன்று; "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்" என்று ஒன்று; "இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்று ஒன்று. மாமாவின் பத்திரத்தில் இந்த மூன்றும் இருந்தன, பராமரிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உங்கள் பத்திரத்தில் இரண்டாவது வரியைத் திருத்தச் சொல்லுங்கள், மூன்றாவதை நீக்கச் சொல்லுங்கள். அவற்றோடு கீழ்க்கண்ட பொருளில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்:

"என் ஆயுள் உள்ளவரையிலும் என் மனைவியின் ஆயுள் உள்ளவரையிலும் எங்கள் இருவருக்கும் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் உள்ளிட்ட அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் நீ செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையின் பேரிலேயே இந்தச் சொத்தை உனக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவற்றை நீ செய்யத் தவறி, எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து முப்பது நாளுக்குள்ளும் செய்யாவிடில், 2007-ஆம் ஆண்டின் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி இந்த ஆவணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர எனக்கு உரிமை உண்டு. இந்த நிபந்தனைகளுக்குச் சம்மதித்தே நீ இதை ஏற்றுக்கொள்கிறாய்."

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோபத்தில் சிலர், "எனக்கு விருப்பப்பட்டபோது ரத்து செய்து கொள்வேன்" என்று எழுதச் சொல்கிறார்கள். செட்டில்மென்ட்டும் ஒரு வகைத் தானம்தான்; சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, கொடுத்தவரின் விருப்பத்தை மட்டும் பொறுத்து ரத்தாகும் தானம் செல்லாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு நிகழ்ச்சி நடந்தால் ரத்தாகும் என்றுதான் எழுத முடியும். அந்த நிகழ்ச்சி கொடுத்தவரின் கையில் இருக்கக் கூடாது. மகன் பராமரிக்கத் தவறுவது அப்படிப்பட்ட நிகழ்ச்சி. ஆகவே மேலே உள்ள வாசகத்தில் "தவறி" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பெற்றுக் கொள்பவரும் பத்திரத்தில் ஏற்புக் கையொப்பம் போடுவது நல்லது. பின்னால் "நிபந்தனை எனக்குத் தெரியாது" என்று சொல்ல இடமிருக்காது.

3. ஆயுள் கால அனுபவ உரிமையை இருவர் பெயரிலும் வைத்துக்கொள்ளுங்கள்

நிபந்தனைப் பத்தி மட்டும் போதாது. "நானும் என் மனைவியும் எங்கள் ஆயுட்காலம் வரை இந்த வீட்டில் குடியிருந்து, வாடகை வந்தால் அதையும் அனுபவித்து வருவோம், எங்கள் இருவர் காலத்துக்குப் பிறகே முழு அனுபவ உரிமை உனக்கு" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இருந்தால், சுவாதீனம் ஒப்படைத்ததாக எழுத வேண்டியதே இல்லை. அனுபவ உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு எழுதும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது.

அத்தையின் பெயரையும் ஏன் சொல்கிறேன் என்றால், 23-ஆவது பிரிவில் பத்திரத்தைச் செல்லாதாக்கக் கோரும் விருப்பம் சொத்தைக் கொடுத்தவருடையது. வீடு மாமா பெயரில் இருந்தது. வழக்கு நடக்கும்போது மாமா இறந்திருந்தால் அத்தையின் நிலை மிகவும் பலவீனமாகியிருக்கும். அவர் மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் தாம் எழுதாத பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது கடினம். பத்திரத்திலேயே அனுபவ உரிமை இருந்தால் யாரும் அவரை வெளியேற்ற முடியாது. நம் ஊர்ப் பக்கம் சொத்து பெரும்பாலும் ஆண் பெயரில் இருப்பதால், இந்த வரியைப் பெண்களே கேட்டு எழுத வைக்க வேண்டியிருக்கிறது.

"என் காலம் வரை விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது" என்று மட்டும் எழுதிவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் உண்டு. சொத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, விற்கவே கூடாது என்று முற்றிலும் தடுக்கும் நிபந்தனை சட்டப்படி நிற்காது. அனுபவ உரிமை அப்படியல்ல. அதைப் பார்த்த வங்கியும் வாங்க வருபவரும் தயங்குவார்கள். பத்திரம் பதிவானது என்பதால் "தெரியாது" என்றும் சொல்ல முடியாது. விலை கொடுத்து, நிபந்தனை தெரியாமல் வாங்கிய மூன்றாம் நபரிடமிருந்து சொத்தை மீட்பது மிகக் கடினம் என்பதால், இந்த வரிதான் உங்கள் வேலி.

4. பதிவு, செலவு, பதிவுக்குப் பின் விடக்கூடாதவை

முதலில் tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். வில்லங்கச் சான்றும் அங்கேயே எடுக்கலாம். குடும்பத்தினருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. உதாரணமாக, மனையும் வீடும் சேர்ந்து 28 லட்சம் என்று மதிப்பானால் தீர்வை 28,000, பதிவுக் கட்டணம் 10,000, ஆக 38,000 ரூபாய். மதிப்பு 60 லட்சமானாலும் இரண்டும் சேர்ந்து 50,000-ஐத் தாண்டாது. எழுத்தர் கூலி தனி. அதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மூல ஆவணம், பட்டா, வீட்டு வரி ரசீது, இருவரின் ஆதார், பான் அட்டை, சொத்தின் புகைப்படம், அடையாள அட்டையுடன் இரண்டு சாட்சிகள் ஆகியவை வேண்டும். சாட்சிகளாக மகனின் நண்பர்களை மட்டும் அழைத்துப் போகாதீர்கள்; பின்னால் உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவராவது இருக்கட்டும்.

பதிவான ஆவணத்தின் அசல் மகனிடம் போகும். ஒரு சான்றிட்ட நகலுக்கு உடனே மனுச் செய்து வாங்கிக் கொள்ளுங்கள். மின் இணைப்பையும் வீட்டு வரியையும் அவசரமாக மகன் பெயருக்கு மாற்ற வேண்டாம். மாமா மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். பிறகு ஒருநாள் பின்கட்டுக்குப் போகும் மின்கம்பியை மகன் கழற்றியபோது, மின்வாரியத்தில் புகார் கொடுக்க அவருக்கு நுகர்வோர் என்ற தகுதிகூட இல்லை.

5. கைவிட்டுவிட்டார்கள் என்றால்: சார்பதிவாளரிடம் போகாதீர்கள்

எங்கள் முதல் தவறு இது. "பத்திரம் போட்ட இடத்திலேயே ரத்துப் பத்திரம் போடலாம்" என்று ஒருவர் சொல்ல, இரண்டு வாரம் அலைந்தோம். பதிவான செட்டில்மென்ட்டை ஒருவர் மட்டும் வந்து ரத்து செய்யும் ஆவணத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய முடியாது. பத்திரத்திலேயே முறைப்படி ரத்து உரிமை வைத்திருந்தாலொழிய வழியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு யாராவது போட்டுக் கொடுத்தாலும் அது நிற்காது. உரிமையியல் நீதிமன்றத்துக்கும் உடனே ஓட வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் விஷயங்களுக்குத் தீர்ப்பாயம்தான் இடம்.

தீர்ப்பாயம் என்பது நம் மாநிலத்தில் வருவாய் கோட்டாட்சியர். மதுரை மாவட்டத்தில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய இடங்களில் கோட்டாட்சியர் அலுவலகங்கள் உள்ளன. பெற்றோர் இப்போது வசிக்கும் இடம், கடைசியாக வசித்த இடம், பிள்ளை வசிக்கும் இடம் ஆகியவற்றில் எதற்குரிய கோட்டத்திலும் கொடுக்கலாம். மகன் திருப்பூரில் இருக்கிறான் என்பதற்காக நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம், ஆனால் அது கடைசியில் கோட்டாட்சியருக்கே அனுப்பப்படும். அதில் சில வாரங்கள் போகும்.

தேதியையும் பாருங்கள். இந்தச் சட்டம் தமிழ்நாட்டில் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு எழுதிக் கொடுத்த பத்திரங்களை 23-ஆவது பிரிவால் தொட முடியாது; ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம்.

6. மனுவுக்கு முன் ஆதாரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

"மகன் மதிப்பதில்லை", "மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை" என்பதெல்லாம் வேதனைதான். சட்டம் கேட்பது வேறு. சோறு, துணி, தங்குமிடம், மருத்துவம் ஆகியவற்றில் எது, எந்த நாளிலிருந்து, எப்படி மறுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். நாங்கள் கடைசியில் சேர்த்தவை இவை: அத்தையின் மருத்துவமனைச் சீட்டு, அதில் "உடன் வந்தவர்" என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், மருந்துக் கடை ரசீதுகள், நான்கு ஆண்டுகளில் மகனிடமிருந்து ஒரு வரவும் இல்லாத மாமாவின் வங்கிப் புத்தகம், முன்கட்டு வாடகைக்காரர் தாம் மகனுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறார் என்று எழுதிக் கொடுத்த தாள், தகரக் கூரையையும் அதற்குக் கீழே கிடந்த கட்டிலையும் காட்டும் புகைப்படங்கள்.

இவற்றோடு, மகனுக்கு எழுத்து மூலம் ஓர் அறிவிப்பு அனுப்பி, ஒப்புகை அட்டையையோ "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்த உறையையோ பிரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை.

இப்போது எங்கள் பெரிய தவறைச் சொல்ல வேண்டும். பத்திரம் பதிவான வாரத்தில், மாமாவின் தங்கை கணவர் வற்புறுத்தியதால், மகன் இருபது ரூபாய் முத்திரைத் தாளில், "அப்பா அம்மாவைக் கடைசிவரை என்னோடு வைத்துக் காப்பாற்றுவேன், தவறினால் வீட்டைத் திருப்பித் தருவேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தான். அது பதிவாகாத தாள் என்பதால் மாமா அதற்கு மதிப்பில்லை என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. பழைய ரேஷன் அட்டைகளோடு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. முதல் மனுவில் அது இல்லை. பத்திரத்தில் நிபந்தனை இல்லை என்று சொல்லி மனு தள்ளுபடியானது. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு தாளையும், பழைய கடிதத்தையும், கைபேசிச் செய்தியையும் மனு எழுதுவதற்கு முன்பே வெளியே எடுத்துப் பாருங்கள்.

7. மனுவில் மூன்று கோரிக்கைகளையும் கேளுங்கள்

மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அதற்கான படிவத்தைக் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலகத்திலோ பெறலாம். எங்களுக்கு மனு எழுதி வாங்க 3,500 ரூபாய் ஆனது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இதை இலவசமாகவே எழுதியிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் வாதாடுவதைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அனுமதிக்கவில்லை. ஆகவே மனு எழுத உதவி பெறுங்கள், ஆனால் அதிகாரி முன் பெற்றோரே பேசத் தயாராக இருக்க வேண்டும். எழுந்து நடக்க முடியாதவர்கள் தாம் அதிகாரம் அளித்த ஒருவர் மூலமோ தொண்டு அமைப்பின் மூலமோ மனுச் செய்யலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் அழைத்தால் வழிகாட்டுவார்கள்.

கோரிக்கைப் பத்தியில் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்று, இன்ன தேதியில் இன்ன எண்ணில் பதிவான பத்திரத்தை 23-ஆவது பிரிவின் கீழ் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். இரண்டு, வீட்டின் சுவாதீனத்தை மனுதாரருக்குத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிட வேண்டும். பத்திரம் ரத்தானாலும் வீட்டுக்குள் இருப்பவர் தானாக வெளியேற மாட்டார்; தீர்ப்பாயம் வெளியேற்றவும் சுவாதீனத்தைத் தரவும் உத்தரவிடலாம் என்று 2025 ஜனவரித் தீர்ப்பு சொல்கிறது. மூன்று, விசாரணை முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சம் தர வேண்டும். சட்டத்தில் ஜீவனாம்சத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மருந்து, பால், பராமரிப்பு ஆளின் கூலி என்று மாதச் செலவை ஒரு தாளில் கணக்காக எழுதி இணைத்தால் அதிகாரி ஒரு தொகையைக் குறிக்க எளிதாயிருக்கும்.

வீட்டில் மருமகள் குடியிருந்து, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அந்த வீட்டில் வசிக்கும் உரிமை கேட்டால், விஷயம் சற்றுச் சிக்கலாகும். இரண்டு சட்டங்களையும் இணைத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அப்படி ஒரு நிலை இருந்தால் மட்டும் முதல் நாளிலேயே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: இது பெற்றோரின் மனு. "அண்ணனிடமிருந்து பிடுங்கி எனக்குப் பங்கு வர வேண்டும்" என்ற வாடை அடித்தால் மனுவே பலவீனமாகும். மாமாவிடம் விசாரணையில் கேட்ட முதல் கேள்வி, "உங்களை யார் அழைத்து வந்தது, அவருக்கு இதில் என்ன?" என்பதுதான். அழைத்துப் போனவன் நான். எனக்கு அதில் ஒரு சென்ட்டும் வராது என்பதை எழுதிக் கொடுத்த பிறகுதான் விசாரணை மேலே நடந்தது.

8. விசாரணையும் காலமும்

அறிவிப்பு அனுப்பப்படும், அதன்பின் சமரச அலுவலர் ஒருவரிடம் அனுப்பி, இரு தரப்பும் இணங்குமா என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு மாதம். ஜீவனாம்ச மனுவை அறிவிப்புச் சார்வு செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும், சிறப்புக் காரணம் இருந்தால் ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்த 90 நாள் தொடங்குவதே தாமதமாகும், ஏனென்றால் பிள்ளை அறிவிப்பை வாங்க மாட்டார். மகனின் பணியிட முகவரி, வாடகை வீட்டு முகவரி, கைபேசி எண் என்று தெரிந்த எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். எங்கள் முதல் மனுவில் கிராமத்து முகவரி மட்டும் இருந்ததால், மகன் குடியில்லாத வீட்டுக்கே இரண்டு முறை அறிவிப்பு போய்த் திரும்பியது. இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

சமரசத்தில் எச்சரிக்கை வேண்டும். எல்லார் முன்னிலையிலும் மகன் காலில் விழுந்து அழுவார், மாதம் ஐயாயிரம் தருகிறேன் என்பார். இணங்குவதில் தவறில்லை, ஆனால் மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். தொகை, தேதி, வங்கிக் கணக்கு எண், அனுபவ உரிமை ஆகியவற்றை எழுத்தில் பதிந்து, அதன்படி தீர்ப்பாயம் உத்தரவு போடச் சொல்லுங்கள். அத்தை இந்த இடத்தில் மனம் இளகினார். மாமா இளகவில்லை. "கம்பியைக் கழற்றுனவன்டா அவன்" என்ற ஒரு வாக்கியத்தோடு அவர் எழுந்துவிட்டார்.

9. மனு தள்ளுபடியானால்

உத்தரவு நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில், அதாவது மாவட்ட ஆட்சியரிடம், மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கவும் இடமுண்டு. அதை நம்பி இருக்க வேண்டாம். 60 நாள் என்பது சான்றிட்ட நகல் வாங்குவதிலேயே கரைந்துவிடும் என்பதால், தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுப் போடுங்கள். எங்கள் மேல்முறையீட்டில்தான் டிரங்குப் பெட்டித் தாள் வெளியே வந்தது. இடையில் 2025 ஜனவரித் தீர்ப்பும் வந்துவிட, அதன் நகலையும் கூடுதல் மனுவாகக் கொடுத்தோம். ஏப்ரலில் பத்திரம் செல்லாது என்றும் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

மேல்முறையீட்டு உரிமையைச் சட்டத்தின் வாசகம் பெற்றோருக்குத்தான் தருகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். நம் பக்கத்தில் அது ஒத்தக்கடை அருகே உள்ள மதுரைக் கிளை. ஆகவே உத்தரவு கையில் வந்ததும் அடுத்த படியைத் தாமதிக்கக் கூடாது.

10. உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்

உத்தரவு வந்துவிட்டதால் வீடு தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடாது. சான்றிட்ட நகலுடன், பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில், உத்தரவைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுமாறு மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உத்தரவில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண் ஆகிய நான்கும் பிழையின்றி இருக்கின்றனவா என்று முன்பே பாருங்கள். மாமாவின் உத்தரவில் சர்வே எண்ணின் உட்பிரிவு ஒரு எழுத்து மாறியிருந்தது; திருத்த உத்தரவு வாங்க மேலும் பதினெட்டு நாள் ஆயிற்று.

சில வாரங்கள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்து, 2018 பதிவுக்குக் கீழே உத்தரவின் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் மகன் வேறு யாருக்காவது அடமானமோ கிரயமோ எழுதியிருந்தால் அதுவும் அதில் தெரியும். வில்லங்கத்தில் ஏறிய பின் பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுச் செய்யுங்கள். மனுவின் நிலையை eservices.tn.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிறகு வீட்டு வரி, கடைசியாக மின் இணைப்பு.

முன்கட்டு வாடகைக்காரரை நாங்கள் வெளியேற்றவில்லை. வாடகையை இனி மாமாவின் கணக்கில் போடுமாறு ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கொண்டார்கள். ஜூன் மாதம் முதல் வாடகை வந்த அன்று, பின்கட்டுக்கு மின்கம்பி இழுக்க ஆள் கூப்பிட்டோம்.